கலைத்தாலும் கலையாத சீட்டுக்கட்டு

சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று 52 சீட்டுகளையும் முன்கூட்டியே மாற்றி மாற்றி அடுக்கிவிடுகிறார் வித்தைக்காரர். பார்வையாளர் கட்டை ஏறக்குறையப் பாதியாக வெட்டி, இரண்டு பாதிகளின் ஓரங்களையும் கட்டைவிரல்களால் நெகிழவிட்டு, சீட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று விழும்படி ஒருமுறை கலைக்கிறார். இதுதான் ரிஃபிள். பிறகு மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால், 26 ஜோடிகளிலும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு! நன்றாகக் கலைந்த கட்டில் இது தற்செயலாக நடக்க ஏறத்தாழ 74 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்.

இதைக் கண்டறிந்து 1958-இல் வெளியிட்டவர் அமெரிக்கக் கணிதரும் மந்திரவித்தைக்காரருமான நார்மன் கில்பிரீத். கையில் எந்தத் தந்திரமும் இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: வெட்டிய இரு பாதிகளின் அடிச்சீட்டுகளும் வெவ்வேறு நிறமாக இருக்க வேண்டும்.

ரிஃபிள் என்பது இரண்டு வரிசை ஆட்கள் ஒரே வாசலில் நுழைவதைப் போன்றது. யார் எப்போது நுழைவார் என்று சொல்ல முடியாது. ஆனால் தன் வரிசையில் முன்னால் நிற்பவரை யாரும் முந்துவதில்லை. இடப்பாதியின் அடியில் சிவப்பு, வலப்பாதியின் அடியில் கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலில் இடது சிவப்பு விழுகிறது. இப்போது இடது அடியில் கறுப்பு வந்துவிட்டது, வலது அடியிலும் கறுப்பு. எந்தக் கை விட்டாலும் அடுத்து விழுவது கறுப்புதான்! அந்த ஜோடி முடிந்ததும் அடிச்சீட்டுகள் மறுபடி வெவ்வேறு நிறமாகிவிடுகின்றன. கதை முதலிலிருந்து தொடங்குகிறது.

அழகு என்னவென்றால், கலைப்பவரின் திறமை இதில் பொருட்டே இல்லை. இடமிருந்து மூன்று, வலமிருந்து இரண்டு, மீண்டும் இடமிருந்து ஒன்று என்று தாறுமாறாக விழட்டும்: சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு. மூன்று ஜோடிகளும் சரி. ஜோடிக்குள் எந்த நிறம் முந்தும் என்பது மட்டுமே கலைப்பவர் கையில் இருக்கிறது.

வெட்டியபோது இரண்டு அடிச்சீட்டுகளும் ஒரே நிறமாக அமைந்துவிட்டால்? வித்தை கெட்டுவிடாது. கலைத்தபின் கட்டை விரித்துப் பார்ப்பதுபோல் பார்த்து, ஒரே நிறச் சீட்டுகள் இரண்டு அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் வெட்டி, மேல்பகுதியைக் கீழே வைத்தால் ஜோடிகள் சரியாகிவிடும்.

ரிஃபிளுக்கு முன்னால் கட்டை எத்தனை முறை வெட்டி வைத்தாலும் மாற்று வரிசை குலையாது. இரண்டாவது ரிஃபிள்தான் ஆபத்து. முதல் ரிஃபிளுக்குப் பிறகு ஒரு பாதிக்குள்ளேயே இரண்டு கறுப்பு ஒட்டி நிற்கக்கூடும். கறுப்பு ஒன்று விழுந்ததும் அதே பாதியிலிருந்து இன்னொரு கறுப்பு விழலாம். ரம்மி மேசையில் பலர் செய்வதுபோல் கட்டைக் கையில் பிடித்துக் கொத்துக்கொத்தாக மாற்றிப்போட்டுக் கலைத்தாலும் இதே கதிதான். அதனால் கட்டை நீட்டும்போதே, “ரிஃபிள் பண்ணுங்க, ஒரே தடவை” என்று வித்தைக்காரர் சொல்லிவிடுகிறார்.