மூன்று ஆண்டுக்குள் வக்கீல் நோட்டீஸ்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்தவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூன் 1 தேதியிட்ட பில், தொகை 2,40,000 ரூபாய், கடன் தவணை 30 நாள். அதில் 40,000 மட்டுமே வந்தது; பிறகு போனையே எடுப்பதில்லை.

வக்கீல் அனுப்பும் நோட்டீஸில் ஆர்டர், பில் எண், சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான கையெழுத்து, வரவு போக பாக்கி 2,00,000, கேட்கும் வட்டி, பணம் கட்ட பெரும்பாலும் 15 நாள் கெடு, தவறினால் வழக்கு என்ற எச்சரிக்கை எல்லாம் இருக்கும். சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்புவார்கள். மிரட்டலும் வசையும் கூடாது. அதே கடிதம் நாளை நீதிமன்றத்தில் வாசிக்கப்படும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நோட்டீஸ் அனுப்பியதால் காலவரம்பு நின்றுவிடாது. தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் அந்தக் கெடுவுக்குள், "பாக்கி இருக்கிறது, இரண்டு மாதத்தில் தருகிறேன்" என்று அவர் கையெழுத்திட்டுப் பதில் எழுதினால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். என்னைக் கேட்டால், நோட்டீஸின் பெரிய லாபமே இந்தப் பதில்தான்.

எதிராளி இன்னும் தொழில் நடத்துகிறார், சரக்கைப் பற்றிக் குறை சொன்னதில்லை என்றால் செலவு வீண்போகாது. கம்பெனியை மூடி, சொத்தும் இல்லாதவருக்கு அனுப்புவதில் பயன் குறைவு.