அடிக்கடி சளி பிடித்தால் டான்சிலை எடுக்க வேண்டுமா?

"மாசா மாசம் சளி டாக்டர், டான்சிலை எடுத்துட்டா நின்னுடுமா?" குழந்தையோடு வரும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. நிற்காது. சளிக்குக் காரணம் வைரஸ். டான்சில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வரும். பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்புதான்.

வீங்குவது ஏன்?

தொண்டையின் இருபுறமும் தெரிவது டான்சில். மூக்குக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அடினாய்டு. "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இரண்டும் கிருமிகளை அடையாளம் காணும் திசுக்கள். மூன்று முதல் ஏழு வயது வரை பெரிதாக இருந்து, பிறகு தாமாகவே சுருங்கும். வெறும் பெரிய டான்சில் நோயல்ல.

அறுவைக்கான கணக்கில் சேர்வது எது?

மூக்கு ஒழுகி, இருமி, லேசாகத் தொண்டை கரகரத்தால் அது சளி. கணக்கில் வராது. தொண்டை வலியோடு 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் வலிக்கும் நெறி, பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி: இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் ஒரு தடவை என்று எண்ணுவார்கள். அப்படி ஒரே வருடத்தில் ஏழு, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் ஐந்தைந்து, அல்லது மூன்று வருடம் மும்மூன்று முறை வந்தால் அறுவை சிகிச்சை பேச்சுக்கு வரும். அப்போதும் கட்டாயமில்லை; பொறுத்திருந்து பார்ப்பதும் ஒரு வழி.

ஐந்து வயதுப் பையன் ஒருவனை வைத்துப் பார்ப்போம். ஒரு வருடத்தில் ஒன்பது முறை உடம்பு சரியில்லை. மருந்துச் சீட்டுகளைப் புரட்டினால் ஏழு முறை வெறும் சளி, இரண்டே முறை உண்மையான டான்சில் அழற்சி. தொண்டையை மட்டும் வைத்து இவனுக்கு அறுவை தேவையில்லை.

இரவில் கவனியுங்கள்

அதே பையன் சளி இல்லாத நாளிலும் வாய் திறந்தபடி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, தினமும் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்றால் கதையே வேறு. குறட்டை சட்டென்று நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சுக் காற்று மட்டும் போகாது. சில நொடியில் திணறி எழுவான். நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி வரலாம். பகலில் எரிச்சல், துறுதுறுப்பு. குழந்தைகளுக்கு இந்த அறுவையைச் செய்வதற்கு இன்று முக்கியக் காரணம் இந்த மூச்சடைப்புதான். செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பகலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதில் தெரியாதது அதில் தெரியும். அடைப்பு லேசானதென்றால் சில வாரம் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்துப் பார்ப்பார்கள்.

செவிப்பறைக்குப் பின்னால் மாதக்கணக்கில் நீர் தேங்கிக் காது மந்தமானால், அடினாய்டை மட்டும் எடுப்பதும் உண்டு.

எடுத்த பிறகு

இந்த அறுவையை முழு மயக்கத்தில் செய்வார்கள். ஓரிரு வாரம் விழுங்க வலிக்கும். டான்சில் இருந்த இடத்தில் தெரியும் வெள்ளைப் படலம் சீழ் அல்ல, ஆறும் புண். தண்ணீர் குடிக்க வையுங்கள். ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை, பொருக்கு உதிரும் நேரத்தில், இரத்தம் கசியலாம். சிவப்பாகத் துப்பினால், சிறிதாக இருந்தாலும், இரவானாலும், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.