கமிஷன் முதலா, லாபம் முதலா? எக்செல் நிறுத்திக் கேட்கும் கேள்வி

ஒரு ஜவுளிக் கடை என்று வைத்துக்கொள்வோம். மேலாளருக்கு மாதச் சம்பளம் தவிர, ஆண்டு முடிவில் கமிஷனும் உண்டு. ஒப்பந்தத்தில் அதற்கு ஒரே வரிதான்: கமிஷன் போக மிஞ்சும் நிகர லாபத்தில் 10 சதவீதம். இந்த ஆண்டு கமிஷனைக் கழிப்பதற்கு முன் லாபம் 5,50,000 ரூபாய். கணக்கு எழுதுபவர் எக்செல்லைத் திறந்து, ஒப்பந்தத்தில் உள்ளதை அப்படியே சூத்திரமாக எழுதுகிறார். B2-வில் லாபம், B3-ல் விகிதம், B4-ல் கமிஷன், B5-ல் நிகர லாபம்.

```
B2: 550000
B3: 10%
B4: =B5*B3
B5: =B2-B4
```

கடைசிச் சூத்திரத்தை எழுதி Enter தட்டியதும் ஒரு பெட்டி முளைக்கிறது. ஒரு சூத்திரம் நேராகவோ சுற்றிவளைத்தோ தன்னையே சார்ந்திருக்கிறது, அதனால் விடை தவறலாம் என்கிறது. சர்க்குலர் ரெஃபரன்ஸ் எச்சரிக்கை என்பது இதுதான். OK கொடுத்து மூடினால் செல்லில் 0 நிற்கிறது. சில சமயம் பழைய மதிப்பு அப்படியே தங்கிவிடுகிறது.

சூத்திரத்தில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஒப்பந்தம் சொன்னதைத்தான் இரண்டு செல்களும் சொல்கின்றன. சிக்கல் வரிசையில் இருக்கிறது. எக்செல் மேலிருந்து கீழாகக் கணக்குப் போடுவதில்லை. எந்தச் செல் எதை நம்பி நிற்கிறது என்று பார்த்து, யாரையும் நம்பாத செல்லில் தொடங்கி, அதை நம்பியிருப்பவற்றுக்கு ஒவ்வொன்றாக நகர்கிறது. இங்கே B4-ஐக் கணக்கிட B5 வேண்டும். B5-ஐக் கணக்கிட B4 வேண்டும். தொடங்குவதற்கு இடமே இல்லை. அதனால் நிறுத்தி நம்மிடம் கேட்கிறது.

பெரும்பாலான எச்சரிக்கைகள் இவ்வளவு ஆழமானவை அல்ல, வெறும் கைத்தவறுதான். B2 முதல் B30 வரை செலவுகள் இருக்கின்றன. மொத்தத்தை B31-ல் போடும்போது =SUM(B2:B31) என்று இழுத்துவிடுகிறோம். மொத்தம் தன்னையும் சேர்த்துக் கூட்டச் சொல்கிறது. இதைத் திருத்த வரம்பை B30-ல் நிறுத்தினால் போதும். B நெடுவரிசைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு =SUM(B:B) எழுதுவதும் இதே வகை; மொத்தத்தை வேறு நெடுவரிசைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

தவறு எந்தச் செல்லில் என்று தெரியாவிட்டால் எக்செல் சன்னலின் அடிப்பட்டையில் இடது மூலையைப் பாருங்கள். Circular References என்ற சொல்லும், பக்கத்தில் ஒரு செல்லின் பெயரும் இருக்கும். பெயர் இல்லாமல் சொல் மட்டும் இருந்தால், சுற்று இந்தத் தாளில் இல்லை, வேறொரு தாளில் இருக்கிறது என்று பொருள். மேலே Formulas பட்டியில் Error Checking பக்கத்திலுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் Circular References என்ற வரி வரும். அது அந்தச் செல்லுக்கே அழைத்துப் போகும். அங்கே நின்றுகொண்டு Trace Precedents அழுத்தினால், அந்தச் செல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று நீல அம்புகள் காட்டும். ஒன்றைச் சரிசெய்த பிறகும் அடிப்பட்டையை மறுபடி பாருங்கள். ஒரு சுற்று ஏற்கெனவே இருக்கும்போது இரண்டாவதாக ஒன்றை உருவாக்கினால், பல சமயம் எச்சரிக்கைப் பெட்டி திரும்ப வராது.

கைத்தவறுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இருப்புக் கணக்கு. இருப்பு B2-வில், இன்று வந்த சரக்கு C2-வில். C2-வில் எண்ணைத் தட்டினால் இருப்பு தானாகக் கூட வேண்டும் என்ற ஆசையில் B2-வில் =B2+C2 என்று எழுதுகிறார்கள். நேற்றைய இருப்பும் இன்றைய இருப்பும் இரண்டு வேறு எண்கள். அவற்றை ஒரே செல்லில் வைக்கப் பார்ப்பதால்தான் சுற்று வருகிறது. பழைய பேரேட்டில் செய்வதுபோல நாளுக்கு ஒரு வரி கொடுத்துவிட்டால் போதும்: B-யில் வரவு, C-யில் பற்று, D-யில் இருப்பு.

```
D3: =D2+B3-C3
```

இதைக் கீழே இழுத்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு வரியும் தனக்கு மேலுள்ள வரியை மட்டுமே பார்க்கிறது. என்றைக்கு எவ்வளவு வந்தது என்ற பதிவும் அழியாமல் இருக்கும்.

இப்போது ஜவுளிக் கடைக்குத் திரும்புவோம். இங்கே வரம்பைக் குறைக்கவோ வரியைப் பிரிக்கவோ வழியில்லை. ஒப்பந்தத்திலேயே சுற்று இருக்கிறது. ஆனாலும் விடை இருக்கிறது, அதைக் கணக்காகவே கண்டுபிடிக்கலாம். நிகர லாபம் 100 பங்கு என்றால் கமிஷன் 10 பங்கு. இரண்டும் சேர்ந்த 110 பங்குதான் நம் கையிலுள்ள 5,50,000. ஆகவே கமிஷன் என்பது 5,50,000-ல் 110-க்கு 10, அதாவது 50,000 ரூபாய். நிகர லாபம் 5,00,000. வணிகவியல் படித்தவர்கள் கூட்டாண்மைக் கணக்கில் இதைப் போட்டிருப்பார்கள். எக்செல்லில் இப்படி எழுத வேண்டும்:

```
B4: =B2*B3/(1+B3)
B5: =B2-B4
B6: =ROUND(B4-B5*B3,2)
```

B4 இப்போது B5-ஐப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே தெரிந்த B2, B3 இரண்டை மட்டுமே நம்புகிறது. வரிசை நேராகிவிட்டது. B6 சரிபார்ப்புக்கு: ஒப்பந்தத்தின் சொற்படி நிகர லாபத்தில் 10 சதவீதமும் நாம் போட்ட கமிஷனும் ஒன்றுதானா என்று அது பார்க்கும். 0 வந்தால் சரி. சுற்றை அவிழ்த்த இடத்திலெல்லாம் இப்படி ஒரு செல்லை வைத்துவிடுங்கள். பிறகு வேறொருவர் கோப்பைத் திறந்தாலும், ஏன் 110-ஆல் வகுத்திருக்கிறது என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

விலைக்குள் அடங்கிய ஜிஎஸ்டியைப் பிரிப்பதும் இதே கணக்குதான். வரி உட்பட 1,180 ரூபாய், வரி 18 சதவீதம் என்றால், மொத்தத்திலிருந்து வரியைக் கழித்து அடக்க விலை, அடக்க விலையில் 18 சதவீதம் வரி என்று எழுதினால் சுற்றில் மாட்டிக்கொள்வோம். 118-க்கு 18 என்று எழுதினால் 180 ரூபாய் நேராக வந்துவிடும்.

இத்தனை யோசிக்காமல் எச்சரிக்கையை வாயடைக்க ஒரு வழி எக்செல்லிலேயே இருக்கிறது. File > Options > Formulas போனால் Enable iterative calculation என்ற கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் எக்செல் சுற்றைச் சுற்றிச் சுற்றிக் கணக்கிடும். வழக்கமான வரம்பு 100 சுற்று; அதற்கு முன்பே மாற்றம் 0.001-க்குக் கீழே போய்விட்டால் நின்றுவிடும். நம் முதல் சூத்திரத்தோடு இதைப் போட்டால் என்ன நடக்கும்? நிகர லாபம் 5,50,000 என்று தொடங்கினால் கமிஷன் 55,000. அதைக் கழித்தால் லாபம் 4,95,000, கமிஷன் 49,500. அடுத்த சுற்றில் 50,050, அதற்கடுத்து 49,995, பிறகு 50,000.50. ஒவ்வொரு சுற்றிலும் பிழை பத்தில் ஒன்றாகக் குறைந்து, சீக்கிரமே 50,000-ல் வந்து நிற்கிறது. விடை சரிதான். இதைப் பார்த்துத்தான் பலர் இந்த வழியை நம்பிவிடுகிறார்கள்.

என் கருத்து, நம்பக்கூடாது என்பதே. முதலாவது, டிக் போட்டதும் எல்லாச் சுற்றுகளுக்கும் எச்சரிக்கை நின்றுவிடுகிறது, கைத்தவறுகளுக்கும் சேர்த்து. முன்பு சொன்ன =SUM(B2:B31) இப்போது சத்தமில்லாமல் ஓடும். செலவுகளின் உண்மையான மொத்தம் 12,400 என்றால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 12,400 சேர்ந்து, 100 சுற்று முடிவில் 12,40,000 என்று காட்டும். F9 தட்டினால் மறுபடி அவ்வளவு கூடும். இந்த அமைப்பு ஒரு கோப்போடு நிற்பதும் இல்லை. எக்செல்லில் முதலில் திறந்த கோப்பில் எது இருந்ததோ, அதுவே பின்னால் திறக்கும் கோப்புகளுக்கும் பொருந்தும். யாரோ அனுப்பிய கோப்பை முதலில் திறந்துவிட்டு உங்கள் கோப்பைத் திறந்தால், உங்கள் எச்சரிக்கையும் போய்விடும்.

இரண்டாவது, பிழை உள்ளே புகுந்தால் வெளியே போவதில்லை. B3-ல் 10% என்பதற்குப் பதில் 'பத்து' என்று எழுத்தில் தட்டிவிட்டால் B4, B5 இரண்டிலும் #VALUE! வரும். B3-ஐத் திருத்திய பிறகும் அது மறையாது. B4 தன் மதிப்பை B5-லிருந்து எடுக்கிறது. அங்கே பிழை நிற்கிறது. B5 அதை B4-லிருந்து எடுக்கிறது, அங்கேயும் பிழை. ஒரு செல்லின் சூத்திரத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினால்தான் விடுதலை.

மூன்றாவதுதான் மிக முக்கியம். சில சுற்றுகளுக்கு விடையே கிடையாது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்: ஊக்கத்தொகை போக லாபம் 5,00,000-க்குக் குறையாவிட்டால், 60,000 ரூபாய் ஊக்கத்தொகை. லாபம் அதே 5,50,000. ஊக்கத்தொகை கொடுத்தால் லாபம் 4,90,000 ஆகிவிடுகிறது, தகுதி போய்விடுகிறது. கொடுக்காவிட்டால் லாபம் 5,50,000-ஆகவே இருக்கிறது, தகுதி வந்துவிடுகிறது. எக்செல் 60,000, 0, 60,000, 0 என்று மாறிக்கொண்டே இருந்து, நூறாவது சுற்றில் எது அகப்பட்டதோ அதைக் காட்டும். சுற்றுகளை 101 ஆக்கினால் விடை மறுபக்கம் தாவிவிடும். அந்த எண்ணை நம்பி ஒருவருக்குப் பணம் கொடுப்பதோ மறுப்பதோ நியாயமாகாது.

இங்கே திருத்த வேண்டியது அந்த வரியைத்தான். அதற்கு இரண்டு பொருள் சொல்லலாம். கொடுத்த பிறகும் 5,00,000 மிஞ்ச வேண்டும் என்பது ஒன்று. கொடுப்பதற்கு முன் 5,00,000 இருந்தால் போதும் என்பது இன்னொன்று.

```
=IF(B2-60000>=500000,60000,0)
=IF(B2>=500000,60000,0)
```

நம் மேலாளருக்கு முதல் சூத்திரத்தில் ஒன்றும் கிடைக்காது, இரண்டாவதில் 60,000 ரூபாய் கிடைக்கும். எது சரி என்பதை எக்செல் சொல்ல முடியாது. ஒப்பந்தம் போட்டவர்களிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகே சூத்திரம் எழுத வேண்டும்.

பங்கு போட்டு அவிழ்க்க முடியாத அளவுக்குப் பின்னிக்கிடக்கும் கணக்குகளும் உண்டு. அவற்றில் கமிஷன் செல்லில் சூத்திரத்துக்குப் பதில் ஓர் உத்தேச எண்ணைத் தட்டுங்கள். அந்த எண்ணுக்கும், அதை வைத்துக் கணக்கிட்டால் வரும் கமிஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை வேறொரு செல்லில் எழுதுங்கள். Data பட்டியில் What-If Analysis-க்குள் இருக்கும் Goal Seek, அந்த வித்தியாசம் 0 ஆகும்வரை உத்தேச எண்ணை மாற்றித் தரும். லாபமோ விகிதமோ மாறினால் இதை மறுபடி ஓட்ட வேண்டும் என்பது மட்டும்தான் குறை.

உங்கள் அலுவலகக் கோப்பு ஒன்றை இன்றே திறந்து, Enable iterative calculation-ல் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் எச்சரிக்கை எழுந்தால், அந்தச் சுற்றில் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் கையால் ஒருமுறை சரிபார்க்காமல் அந்தக் கோப்பின் மொத்தங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள்.