'கனெக்‌ஷன் பிரைவேட் இல்லை'னு போன் மிரட்டுதா? வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எப்படி?

மாமல்லபுரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார் என் பெரியம்மா. மாவுக்கல் பிள்ளையார், சங்கு, சிப்பி மாலை விற்கிற கடை. போன ஆகஸ்ட் மாதம் ஒருநாள் மதியம் போன் செய்தார். "டேய், கரண்ட் பில் கட்ட இன்னிக்குத்தான் கடைசி நாள். போன்ல சிவப்பா ஏதோ வருது. யாரோ நம்ம போனுக்குள்ள பூந்துட்டாங்கடா!"

நான் இருந்தது செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போனால் கடை மூடும் நேரம் ஆகிவிடும். போனிலேயே சரிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப் வீடியோ காலில் ஸ்கிரீனைக் காட்டச் சொல்லலாம் என்றால், வாட்ஸ்அப்பும் திறக்கவில்லை.

திரையில் இருந்தது என்ன?

பெரியம்மாவின் பேரன், ஐந்தாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னான். மேலே Your clock is ahead, கீழே பொடி எழுத்தில் இது:

```
NET::ERR_CERT_DATE_INVALID
```

இதே கோளாறுக்கு பல போன்களில் Your connection is not private என்றும் வரும். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னால் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல'. இதைக் கேட்கும் பெரியவர்களுக்கு என்ன தோன்றும்? லைனில் வேறு யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்றுதான். பெரியம்மா பயந்ததும் அதனால்தான்.

இந்தப் பயம் சாதாரண விஷயம் இல்லை. பதற்றத்தில் கஸ்டமர் கேர் நம்பரை நெட்டில் தேடி, மோசடிக்காரர்களிடம் சிக்கி, அவர்கள் சொல்கிற ஆப்பை இறக்கி போனையே அவர்கள் கையில் கொடுத்தவர்கள் உண்டு. அப்படிப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஆனால் பெரியம்மா போனில் யாரும் புகவில்லை.

அப்போ அதன் அர்த்தம்தான் என்ன?

நான் அவரிடம் சொன்னது இதுதான்: "பெரியம்மா, பஸ்ல மாசப் பாஸ் இருக்குல்ல? அதுல எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கும். உங்க பாஸ் சரியாத்தான் இருக்கு. ஆனா கண்டக்டர் கையில இருக்கிறது அடுத்த வருஷக் காலண்டர். அதைப் பார்த்துட்டு, 'பாஸ் செல்லாது, இறங்கு'ங்கறார்."

இணையதளங்களுக்கும் இப்படி ஒரு பாஸ் உண்டு. அதன் பெயர் சான்றிதழ். 'நான் அசல் தளம்தான்' என்று போனிடம் தளம் காட்டும் அடையாள அட்டை அது. அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பல தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்கு ஆயுள் வழக்கமாக 90 நாள். போன் அந்தத் தேதியைத் தன் சொந்தக் கடிகாரத்தோடுதான் ஒப்பிடும். கடிகாரம் தப்பு என்றால், நல்ல பாஸும் காலாவதி ஆனதாகத் தெரியும்.

பெரியம்மா போனில் தேதி என்ன தெரியுமா? அடுத்த வருஷம் பிப்ரவரி!

தேதியை மாற்றியது யார்?

எழுத்துக்கூட்டிப் படித்த அதே பேரன்தான். கேமில் உயிர் தீர்ந்துவிட்டால் மறுபடி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். போன் தேதியை முன்னால் தள்ளினால் சில கேம்கள் ஏமாந்து உடனே உயிரைக் கொடுத்துவிடும். கெட்டிக்காரன், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியிருக்கிறான். சில தளங்கள் திறந்தன, சில திறக்கவில்லை என்று பெரியம்மா குழம்பியதற்கும் காரணம் இதுவே. நீண்ட ஆயுள் சான்றிதழ் வைத்திருக்கும் தளம் பிப்ரவரியிலும் செல்லும், 90 நாள் பாஸ் செல்லாது.

பேரன் இல்லாத வீட்டிலும் இது வரலாம். பேட்டரி மாற்றிய போன், பல நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த போன் பழைய தேதிக்குப் போய்விடுவதுண்டு. அப்போது Your clock is behind என்று வரும். வைத்தியம் ஒன்றுதான்.

போனிலேயே சரிசெய்தது எப்படி?

முதல் வேலை, ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். இதை விட்டால், திரையைப் பார்க்க அவர் போனைக் காதிலிருந்து எடுக்கும்போது நாம் பேசுவது கேட்காது. அடுத்து, "சிவப்பு பட்டனைத் தொடாதீங்க, கால் கட் ஆயிடும். நடுவுல, அடியில இருக்கிறதைத் தட்டி முகப்புக்கு வாங்க" என்றேன்.

"பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கா?"

"இருக்குடா. சாம்பல் கலர்ல."

அதுதான் செட்டிங்ஸ். பெரும்பாலான போன்களில் மெனு எந்த மொழியில் இருந்தாலும் படம் பல்சக்கரம்தான். ஆனால் உள்ளே தேதி இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாம்சங்கில் General management, ஷாவ்மியில் Additional settings, வேறு பல போன்களில் System. இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செட்டிங்ஸின் மேலே பூதக்கண்ணாடி படம் இருக்கும். அதைத் தட்டி date என்று டைப் செய்தால் போதும்.

அங்கே தேதியைத் தானாக வைத்துக்கொள்ளும் வசதி இருக்கும். Automatic date and time அல்லது அதுபோன்ற பெயர். "லைட் சுவிட்ச் மாதிரி ஒண்ணு இருக்கும் பெரியம்மா, அதைத் தட்டுங்க. கலர் மாறுதா?" மாறியது. ஒரு படி சொன்னதும், அவர் திரையில் என்ன தெரிகிறது என்று சொல்லும்வரை அடுத்த படிக்குப் போகவில்லை. மூன்று படிகளை ஒரே மூச்சில் சொன்னால் பெரியவர்கள் "ம்... ம்..." என்பார்கள், ஆனால் முதல் படியிலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

கையால் தேதியைத் திருத்தலாமே என்று கேட்கலாம். அதில் ஒரு சிக்கல். வளைகுடாவிலிருந்து வந்த போனில் நேர மண்டலம் இன்னும் துபாய் என்றே இருந்தால், பார்க்க மணி சரியாக இருந்தும் உள்கணக்கில் ஒன்றரை மணி நேரம் பிசகும். இந்தியாவுக்கு GMT+05:30 என்று இருக்க வேண்டும். அதையும் தானியங்கியில் விடுவதே நல்லது.

தேதி சரி, ஆனாலும் அதே மெசேஜா?

அப்போது கோளாறு அந்தத் தளத்தின் பக்கமோ, நீங்கள் பிடித்திருக்கும் இலவச வைஃபை பக்கமோ இருக்கலாம். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். அப்போதும் ஒரே தளத்தில் மட்டும் வந்தால், அதன் பாஸ் உண்மையிலேயே முடிந்திருக்கலாம், அல்லது அது போலியாகவே இருக்கலாம். Advanced என்பதைத் தட்டினால் Proceed என்று ஒரு வழி காட்டும். அந்த வழியைப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒருமுறை பழகிவிட்டால் பேங்க் தளத்தின் பெயரில் வரும் போலியிலும் அதையே தட்டுவார்கள்.

பெரியம்மா போன் ஐந்து நிமிடத்தில் ஆகஸ்டுக்குத் திரும்பியது. வாட்ஸ்அப் திறந்தது, பில்லும் கட்டியாச்சு. ஆனால் அந்த நாட்களில் எடுத்த போட்டோக்கள் மட்டும் இன்னும் பிப்ரவரித் தேதியோடு கேலரியில் உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக எடுக்கும் போட்டோ எங்கே போச்சு என்று கேட்டு மறுநாளே மறுபடி போன் வந்தது.