கடைசித் தோட்டாவுக்கு முன்

‘அபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ விளையாட்டில் ஆர்-301 என்றொரு துப்பாக்கி உண்டு. மேகசினில் ஒரு தோட்டாவாவது மிச்சமிருக்கும்போது ரீலோடு செய்தால் சுமார் 2.4 விநாடி ஆகும். முழுக்கத் தீர்ந்தபின் செய்தால் 3.2 விநாடி. காரணம் நிஜத் துப்பாக்கியில் இருக்கிறது: குழலறையில் தோட்டா இருந்தால் மேகசினை மாற்றினாலே போதும், அறை காலியென்றால் போல்ட்டையும் இயக்கித் தோட்டாவை உள்ளே ஏற்ற வேண்டும்.

அதற்காக நாலு தோட்டா செலவானதுமே ரீலோடு பொத்தானைத் தட்டுவது பெரிய தவறு. புதியவர்கள் பலர் சாவது இந்தப் பழக்கத்தால்தான். ஒருவனை வீழ்த்திவிட்டீர்கள், ஆறு தோட்டா மிச்சம், அவன் கூட்டாளியின் காலடிச் சத்தம் கதவருகே கேட்கிறது. இப்போது ரீலோடு செய்தால் அவன் நுழையும்போது உங்களால் சுடவே முடியாது. ஆறையும் சுட்டுவிட்டு இரண்டாவது துப்பாக்கிக்கு மாறுங்கள். அது ரீலோடைவிட வேகமானது. காலடி தூரத்தில் கேட்டால் மட்டும் சுவருக்குப் பின்னால் போய், அந்த ஆறு இருக்கும்போதே ரீலோடு செய்யுங்கள். புது மேகசின் உள்ளே போகும் முன் ஆயுதத்தை மாற்றினால், மறுபடி முதலிலிருந்துதான்.