'உடைத்துவிட்ட' அகராதியில் எங்கே இருக்கிறது?

"ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்ட பையன் ஓடிப்போனான்." தமிழைப் புதிதாகப் படிக்கிறவர் இந்த வாக்கியத்தின் நடுவில் இருக்கும் 'உடைத்துவிட்ட' என்பதற்குப் பொருள் தேடி அகராதியைப் புரட்டினால் கிடைக்காது. அகராதியில் இருப்பது 'உடை'தான். அதுவும் ஒன்றல்ல. உடுத்துகிற உடை ஒரு பக்கம் இருக்க, வினைச்சொல்லாகவே இரண்டு 'உடை' இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் அவற்றை 'உடைதல்', 'உடைத்தல்' என்று பிரிக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு எண்ணும் ஓர் ஆங்கிலச் சுருக்கக்குறியும் இருக்கும். எண், அந்த வினை காலம் காட்டும்போது எந்த வாய்பாட்டைப் பின்பற்றும் என்பதைச் சொல்கிறது. சுருக்கக்குறி 'இன்ட்ரான்சிட்டிவ்', 'ட்ரான்சிட்டிவ்' என்பவற்றைக் குறிக்கிறது. பள்ளிக்கூடத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். பெயர் நீளமே தவிர விஷயம் சின்னது. கண்ணாடி உடைந்தது என்றால் அங்கே கண்ணாடி மட்டும் இருந்தால் போதும். உடைத்தான் என்றதும் 'எதை?' என்ற கேள்வி எழுகிறது. அதற்குப் பதில் வேண்டி நிற்கும் வினை ட்ரான்சிட்டிவ், வேண்டாதது இன்ட்ரான்சிட்டிவ். நம் வாக்கியத்தில் 'கண்ணாடியை' என்ற பதில் இருப்பதால், தேட வேண்டியது உடைத்தல்.

சேர்ந்தது – சேர்த்தான், உருகியது – உருக்கினான், ஓடியது – ஓட்டினான் என்று இப்படி ஜோடி ஜோடியாகப் பல வினைகள் வருவதைப் பார்த்து, வல்லினம் இரட்டித்தால் ட்ரான்சிட்டிவ் என்று விதி செய்துகொள்ளத் தோன்றும். அது நம்பத்தக்கதல்ல. மாம்பழம் இனித்தது, குழந்தை சிரித்தது என்கிறோம். இரண்டிலும் 'த்த்' இருக்கிறது, 'எதை?' என்பதற்கு இடமில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' காணோம் என்பதால் செயப்படுபொருள் இல்லையென்று ஆகிவிடாது. அஃறிணைப் பொருளைப் பொதுவாகச் சொல்லும்போது தமிழ் 'ஐ' உருபை விட்டுவிடும். ஆகவே உருபைத் தேடுவதைவிடக் கேள்வி கேட்டுப் பார்ப்பதே நல்லது.

இனி 'விட்ட'. இதற்கு மூலம் 'விடு'. அகராதியில் அதற்கு வரிசையாகப் பொருள்கள் இருக்கும்: பிடியைத் தளர்த்து, போக அனுமதி, கைவிடு... ஆனால் கண்ணாடியை உடைத்தவன் எதையும் கையிலிருந்து விடவில்லை. காரியம் நடந்து முடிந்தது, இனி மாற்ற வழியில்லை என்பதைத்தான் இங்கே 'விடு' சொல்கிறது. தன் சொந்தப் பொருளை இழந்து, முன்னால் நிற்கும் வினைக்கு ஒரு சாயல் சேர்க்க மட்டும் வரும் இத்தகைய வினை துணைவினை, ஆங்கிலத்தில் ஆக்ஸிலியரி. 'வந்திருக்கிறார்' என்பதில் இரு, 'எழுதிக்கொண்டான்' என்பதில் கொள், 'வந்து தொலைந்தான்' என்பதில் பேசுகிறவரின் எரிச்சலைச் சுமக்கும் தொலை, எல்லாமே இந்த வகை. நல்ல அகராதி இந்தத் துணைவினைப் பயன்பாட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும். தேடுகிறவர் முதல் பொருளோடு நின்றுவிடாமல் அதுவரை படிக்க வேண்டும்.

முதன்மை வினையா துணைவினையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'பிடித்து விட்டான்' என்பதை எடுத்துக்கொள்ளலாம். புறாவைப் பிடித்து விட்டான் என்றால், பிடித்தான், பிறகு பறக்கவிட்டான் என்று கொள்ளலாம். அப்போது விடு முழு வினை. எப்படியோ பிடித்து முடித்தான் என்றும் கொள்ளலாம்; அப்போது துணைவினை. தாத்தாவுக்குக் காலைப் பிடித்து விட்டான் என்றாலோ தாத்தா சுகமாகக் கண்ணை மூடியிருப்பார். இங்கே விடு, இன்னொருவருக்காகச் செய்வதைக் காட்டும் வேறொரு துணைவினை. தலை வாரிவிட்டாள், முகம் துடைத்துவிட்டாள் என்பவை இந்த இனம். துணைவினையைச் சேர்த்து எழுதுவதே தெளிவு என்றாலும் அச்சில் இரண்டு வழக்கமும் உண்டு. இடைவெளியை வைத்து முடிவு செய்ய முடியாது.

இதற்கு இரண்டு சோதனைகள் உதவும். நடுவில் ஒரு சொல்லை நுழைத்துப் பாருங்கள். 'பிடித்து, மறுபடி விட்டான்' என்று சொல்ல முடிந்தால் அது முழு வினை. துணைவினை அப்படி யாரையும் நடுவில் விடாது. அடுத்தது, எதிர்மறையாக்கிப் பாருங்கள். தலை வாரிவிட்டாள் என்பதற்கு 'வாரிவிடவில்லை' என்பது இயல்பாக வரும். உடைத்துவிட்டான் என்பதற்கு 'உடைக்கவில்லை' என்றுதான் சொல்வோம். முடிந்ததைக் காட்ட வந்த விடு, முடியாத காரியத்தில் வேலையில்லாமல் உதிர்ந்துவிடுகிறது.

பார்ட்டிசிபிள் என்பதற்கு நம்மிடம் எச்சம் என்ற சொல் உண்டு. வாக்கியத்தை முடிக்காமல் பாக்கி வைக்கும் வினை வடிவம் அது. 'உடைத்து' என்று நிறுத்தினால் இன்னொரு வினை வர வேண்டும், அது வினையெச்சம். 'உடைத்த' என்று நிறுத்தினால் ஒரு பெயர் வர வேண்டும், அது பெயரெச்சம். 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எச்ச வடிவங்களைக் கொடுக்கிறது: ஓர் உடைக்கு 'உடைய, உடைந்து', மற்றதற்கு 'உடைக்க, உடைத்து'. பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் அடைப்புக்குறி இது. 'உடைத்து' தெரிந்தால் உடைத்தான், உடைத்த என்று இறந்தகாலம் முழுவதும் கிடைத்துவிடும். 'உடைக்க' தெரிந்தால் உடைக்கிறான், உடைப்பான் என்று மற்ற இரண்டு காலங்களையும் ஊகிக்கலாம். 'உடைய' என்றிருந்தால் உடைகிறது, உடைவது. லெக்சிகன் எண்ணால் சொன்னதை இது மாதிரி வடிவத்தால் சொல்கிறது. புதிதாகப் படிப்பவருக்கு இரண்டாவது வழியே எளிது.

மிஞ்சியிருப்பது க்ளாஸ். தனக்கென்று ஒரு வினையும் அதற்குரிய ஆட்களும் பொருள்களும் கொண்டு, பெரிய வாக்கியத்துக்குள் அடங்கி நிற்கும் சிறு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம். 'பையன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான்' என்ற முழு வாக்கியத்திலிருந்து பையனை உருவி வெளியே வைத்துவிட்டு, மிச்சத்தைப் பெயரெச்சத்தில் முடித்தால் அவனுக்கு முன்னால் நிற்கும் அடைமொழி ஆகிவிடுகிறது. கண்ணாடியை உருவினால் 'பையன் உடைத்த கண்ணாடி'. கல்லை உருவினால் 'கண்ணாடியை உடைத்த கல்'. ஆங்கிலம் ஹூ, விச் என்று ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டு இதைச் செய்யும். தமிழில் பெயரெச்சத்தின் கடைசி 'அ' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். உருவப்பட்ட பெயர் செய்தவரா, செய்யப்பட்டதா, கருவியா என்பதை அது சொல்லாது. படிப்பவர்தான் மற்றச் சொற்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

சில சமயம் அதற்கும் வழியிருக்காது. பழைய இலக்கண உரைகளில் 'புலிகொல் யானை' என்ற எடுத்துக்காட்டு இதற்காகவே வரும். இன்றைய நடையில் 'புலி கொன்ற யானை' என்று வைத்துக்கொண்டாலும் குழப்பம் தீராது: செத்தது எது? புலியாக இருக்கலாம், அப்போது பால் குடித்தான் என்பதில் போலவே 'ஐ' மறைந்திருக்கிறது. யானையாகவும் இருக்கலாம். அகராதியில் 'கொல்' ட்ரான்சிட்டிவ் என்று இருப்பதால் கொன்றது ஒன்று, செத்தது ஒன்று என்பது வரை தெரியும். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் எழுதுகிறவர் 'புலியைக் கொன்ற யானை' என்று உருபை வெளியே காட்ட வேண்டும்.