ஆயிரம் படம் பார்க்கத்தான் நேரம்

தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் 225 தானியங்கி கேமராக்களைப் பொருத்தினார்கள். எதிரே ஏதாவது அசைந்தால் கேமரா தானே படமெடுத்துக்கொள்ளும். 2013 வரை சேர்ந்த படத்தொகுப்புகள் சுமார் 12 லட்சம். அவற்றில் விலங்கு இருந்தவை ஏறத்தாழ 3.2 லட்சம்தான். மீதியில் பெரும்பாலானவை, காற்றில் ஆடிய புல்லை விலங்கென்று நம்பிக் கேமரா எடுத்த வெற்றுப் படங்கள்.

இத்தனையையும் பார்த்து இது சிங்கம், இது வரிக்குதிரை என்று பெயர் குறித்தவர்கள் இணையத்தில் திரண்ட தன்னார்வலர்கள். பதிவு செய்தவர்கள் மட்டுமே 28,000 பேருக்கு மேல். ஒரே படத்தைப் பலர் பார்த்ததால், குறிப்புகளின் மொத்த எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. சிங்கமும் யானையும் இருக்கும் பூங்காவுக்கு அப்படி ஆள் சேரும். யாரும் கேள்விப்படாத ஒரு புதர்க்காட்டில் நாற்பது கேமரா வைத்திருக்கும் ஆராய்ச்சி மாணவிக்கு யார் வருவார்கள்? அவரிடம் ஐம்பதாயிரம் படம் இருக்கிறது. உட்கார்ந்து ஆயிரம் படத்துக்குப் பெயர் குறிக்கத்தான் நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரத்தைக் கொண்டு ஒரு கணினி மாடலுக்குக் கற்பித்துவிட்டால், மீதியை அது பார்த்துக்கொள்ளும். எந்த ஆயிரம் என்பதுதான் கேள்வி. அந்தத் தேர்வை மாடலிடமே கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைக்கும் முறைக்கு ஆக்டிவ் லேர்னிங் என்று பெயர்.

கண்ணை மூடிக்கொண்டு ஆயிரத்தை உருவினால் என்ன? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்; ஆனால் பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். காட்டுப் படங்கள் அப்படி வேகாதவை. செரெங்கெட்டி அளவிலேயே வெற்றுப் படங்கள் இருந்தால், உருவிய ஆயிரத்தில் எழுநூற்றுக்கு மேல் வெறும் புல். மிஞ்சிய இருநூற்றுச் சொச்சத்திலும் பெரும்பகுதி, மந்தை மந்தையாகத் திரியும் இரண்டு மூன்று இனங்களே. ஆயிரம் விலங்குப் படத்துக்கு ஒன்று என்று தென்படும் அரிய விலங்கு ஒருமுறைகூட வராமல் போகலாம்.

ஆகவே முதல் வேலை சலிப்பது. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மெகாடிடெக்டர் போன்ற கருவிகள் இனத்தின் பெயரைச் சொல்லாது. படத்தில் விலங்கு எங்கே இருக்கிறது என்று ஒரு கட்டம் மட்டும் போட்டுக் காட்டும். மாணவியின் ஐம்பதாயிரத்தில் விலங்கு இருப்பவையாக 12,500 மிஞ்சியதாகக் கொள்வோம். ஒதுக்கியவற்றையும் ஒருமுறை வேகமாகப் புரட்டிப் பார்ப்பது நல்லது. மூலையில் தலையை மட்டும் காட்டும் சிறு விலங்கை இக்கருவி தவறவிடுவதுண்டு.

அடுத்த வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கற்பிக்கத் தொடங்கும் முன்பே தேர்வுத்தாளை எடுத்துப் பூட்டிவைக்க வேண்டும். நாற்பது கேமராவில் எட்டு கேமராவின் படங்களை முழுதாக ஒதுக்கி, அவற்றிலிருந்து குலுக்கல் முறையில் 200 படம் எடுத்துப் பெயர் குறித்துவிட வேண்டும். இவை மாடலின் கண்ணில் படவே கூடாது. கேமராவையே ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. கேமரா ஒரே இடத்தில் நிற்பதால் பின்னணி மாறுவதில்லை. மாடல் விலங்கைவிடப் பின்னால் இருக்கும் பாறையை நன்றாகக் கற்றுக்கொண்டுவிடும். பழகிய இடத்தில் சிறப்பாகப் பெயர் சொல்லும் மாடல்கள் புதிய இடத்துக் கேமராவில் தடுமாறுவதை சாரா பீரியும் அவருடைய சகாக்களும் 2018இல் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது கையில் 800 வாய்ப்பு மீதி. ஒதுக்கியது போக, கேள்வி கேட்க உதவும் படங்கள் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது?

மாடல் எதில் மிகவும் குழம்புகிறதோ அதைக் கேட்பதே இத்துறையின் பழைய விதி. டேவிட் லூயிஸ், வில்லியம் கேல் இருவரும் 1994இல் செய்திகளை வகைபிரிக்கும் வேலையில் இதைச் செய்துகாட்டினார்கள். மனிதர் வகை குறிக்க வேண்டிய செய்திகளின் எண்ணிக்கையை 500 மடங்கு வரை குறைக்க முடிந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதையுமே கற்காத மாடலின் குழப்பத்துக்கு என்ன மதிப்பு? முதல் நாளில் அதற்கு எல்லாமே குழப்பம். அது கேட்கும் கேள்வியும் குருட்டாம்போக்குதான். பெரும்பாலும் அது இருட்டில் எடுத்த, பாதி வெட்டுப்பட்ட விசித்திரப் படங்களைத்தான் நீட்டும்.

ஹாகோஹென், டெகெல், வைன்ஷால் மூவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கும்போது சந்தேகமான படங்களைக் கேட்பது குருட்டுக் குலுக்கலைவிட மோசமாகவும் முடியலாம். அந்நிலையில் ஒவ்வொரு வகைக்கும் மாதிரியாகத் தக்க, சாதாரணமான படங்களே உதவும். கற்ற அளவு கூடியபின் நிலைமை தலைகீழாகிறது. அப்போதுதான் சந்தேகமான படங்கள் பலன் தருகின்றன. சிறிய பட்ஜெட்டில் வேலை செய்கிறவர் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

மாணவியின் முதல் 200 இப்படிப் போகும். பொதுவான படங்களில் ஏற்கெனவே பயின்ற ஒரு மாடலைக் கொண்டு ஒவ்வொரு படத்தையும் எண்களின் வரிசையாக மாற்றலாம். ஒன்றுபோல் தோன்றும் படங்களின் எண்களும் அருகருகே அமையும். இதற்கு யாரும் பெயர் குறிக்கத் தேவையில்லை. பத்தாயிரம் படங்களையும் 200 கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் நெருக்கமான நடுப்பகுதியிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பெயர் குறிக்க வேண்டும். மான் மந்தைக்கு நூறு கேள்வி வீணாகாது. கூட்டம் சிறிதானாலும் ஒரு கேள்வி கிடைக்கும்.

மிச்சம் 600. இனி நூறு நூறாக ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மாடல் பெயரிடாத படங்களைப் பார்த்து, எந்த இனம் என்பதற்குத் தன் நம்பிக்கையைச் சதவீதத்தில் சொல்லும். மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் வரிக்குதிரை 98 சதவீதம். அதை விட்டுவிடலாம். இரண்டாவதில் தாம்சன் கெசல் மான் 50, கிராண்ட் கெசல் மான் 46, மற்றவை 4. மூன்றாவதில் கழுதைப்புலி 30, சிங்கம் 22, பபூன் குரங்கு 18, மிச்சம் வேறு பலவற்றுக்கு.

எதைக் கேட்பது? முதலிடம் பெற்ற சதவீதம் எதில் குறைவு என்று பார்த்தால் மூன்றாவது படம். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைவெளி எதில் குறைவு என்று பார்த்தால் இரண்டாவது. அங்கே 4, மூன்றாவதில் 8. நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். இரண்டு மான்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பவை. விலாவில் பளிச்சென்ற கறுப்புப் பட்டை தாம்சனின் அடையாளம். பின்புற வெள்ளை வாலுக்கு மேலும் ஏறியிருந்தால் கிராண்ட். மனிதர் ஒரு பதில் சொன்னால், அதே குழப்பத்தில் நிற்கும் பல படங்கள் ஒன்றாகத் தெளியும். மூன்றாவது படத்தைத் திறந்து பார்த்தால், லென்ஸை ஒட்டி எதுவோ கடந்துபோன மங்கலாக இருக்கலாம். மாணவிக்கே அது என்னவென்று தெரியாது. தெரிந்தாலும் வேறெந்தப் படத்துக்கும் அது உதவாது.

இந்த மங்கல் படங்கள்தான் நடைமுறையில் பட்ஜெட்டைத் தின்பவை. ஒரு சுற்றில் "தெரியவில்லை" என்று ஒதுக்கியவை பத்தில் இரண்டு மூன்றைத் தாண்டினால், மாடல் குப்பையைத் துரத்துகிறது என்று அறியலாம். இன்னொரு தொல்லை, ஒரே நிமிடத்தில் ஒரே மந்தையை எடுத்த முப்பது படங்களும் ஒரே அளவு சந்தேகத்தோடு வரிசையில் முன்னால் வந்து நிற்பது. ஒன்றுக்குப் பதில் சொன்னாலே மற்றவை தெளிந்துவிடும். ஆனால் நூறு படத்தையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்துவிட்டால் முப்பதுக்கும் கூலி கொடுக்க வேண்டியதுதான். இதற்கு எளிய மருந்து உண்டு. சந்தேகம் மிகுந்த 500 படங்களை முதலில் பொறுக்கி, ஒன்றுக்கொன்று மிகவும் விலகி நிற்கும் நூறை அவற்றிலிருந்து எடுக்கலாம்.

சந்தேகத்தை மட்டும் நம்பினால் பிடிபடாத தவறும் ஒன்று இருக்கிறது. மாடல் இதுவரை பார்த்தேயிராத ஒரு விலங்கை, 95 சதவீத உறுதியோடு கழுதைப்புலி என்று சொல்லிவிடும். சந்தேகமே இல்லாததால் அது கேள்வியாக வராது. ஆறு சுற்று முடிந்தாலும் வராது. ஒவ்வொரு நூறிலும் பத்துப் பதினைந்தைக் குலுக்கலுக்கும், பெயர் குறித்த படங்கள் எல்லாவற்றிலிருந்தும் தொலைவில் நிற்பவற்றுக்கும் விட்டுவைப்பது இதற்காகத்தான்.

மசூத் நொரூஸாதேயும் குழுவினரும் 2021இல் செரெங்கெட்டியின் 32 லட்சம் படங்களில் இப்படிப்பட்ட முறையைச் சோதித்தார்கள். வெறும் 14,100 பெயர்க்குறிப்புகளோடு, முழுத்தொகுப்பில் பயின்ற மாடலின் துல்லியத்தை எட்டினார்கள். 99.5 சதவீத உழைப்பு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. உண்மைதான், ஆனால் அதை முழுவதும் கேள்வித் தேர்வின் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விலங்கைக் கட்டம் கட்டிக் காட்டும் கருவி ஏற்கெனவே வேறிடத்தில் பலர் உழைப்பில் பயின்றுவந்தது. அந்த உழைப்பு இந்தக் கணக்கில் இல்லை.

எப்போது நிறுத்துவது என்பதைப் பூட்டிவைத்த 200 படம் ஓரளவு சொல்லும். அவற்றில் 180 சரியென்றால் துல்லியம் 90 சதவீதம். எனினும் இவ்வளவு சிறிய தேர்வில் குறைந்தது நான்கு புள்ளி இப்படியோ அப்படியோ ஆடும். சுற்றுக்குச் சுற்று ஒரு புள்ளி ஏறியதையும் இறங்கியதையும் வைத்து மகிழவோ வருந்தவோ ஒன்றுமில்லை. அரிய விலங்குகளைப் பற்றி இந்தத் தேர்வு ஏறக்குறைய மௌனம்தான். 200இல் அவை ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். பயிற்சிக்குப் பொறுக்கிய 800இலேயே துல்லியத்தை அளப்பது அதைவிடத் தவறு. அவை வேண்டுமென்றே கடினமாகப் பொறுக்கியவை. அதே காரணத்தால், அந்த 800இல் கிராண்ட் கெசல் எத்தனை என்று எண்ணி, காட்டில் அதன் விகிதத்தைச் சொல்லவும் கூடாது.

இன்னொரு விலையும் உண்டு. ஒரு மாடலின் சந்தேகத்துக்கு ஏற்பப் பொறுக்கிய படங்கள், பிற்பாடு வரும் வேறு வகை மாடலுக்கு அதே அளவு உதவாமல் போகலாம் என்று லோவெல், லிப்டன், வாலஸ் ஆகியோர் 2019இல் எழுத்துத் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். ஆகவே மாணவி தன் அட்டவணையில் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படம் எந்தச் சுற்றில் வந்தது, கூட்டத்தின் நடுவிலிருந்தா, சந்தேகத்தாலா, குலுக்கலிலா என்று அதில் குறித்திருந்தால், இரண்டு ஆண்டு கழித்து மாடலை மாற்றும்போது எந்தக் குறிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்று அவருக்குத் தெரியும்.